பஸ் ஓடாது என்று அவர்களே சொன்னால் ரத்துப் பொத்தானை நீங்கள் அழுத்தாதீர்கள்: கேள்வி பதில்

அண்ணா, கொழும்புக்கு இரண்டு ஆசனம் பதிவு செய்தேன். ஆசனங்களுக்கு 6,000 ரூபாய், சேவைக் கட்டணம் 200. அன்று பிற்பகல் பஸ்காரர் அழைத்து, "இன்று ஓடாது, இணையத்தில் ரத்துச் செய்யுங்கள், பணம் வரும்" என்றார். செய்தேன். 3,000 மட்டுமே வந்தது. ஏன்? — கோண்டாவில்

தம்பி, யார் ரத்துச் செய்தார் என்பதைப் பதிவுத் தளம் ஒரே விதமாகத்தான் அறிகிறது: பொத்தான் யாருடைய கணக்கிலிருந்து அழுத்தப்பட்டது என்று பார்க்கிறது. உங்கள் கணக்கிலிருந்து போனதால் அது பயணியின் ரத்து. புறப்படச் சில மணித்தியாலங்களே இருந்தன, அதனால் அந்த பஸ்ஸின் விதிப்படி பாதி கழிந்துவிட்டது. உரிமையாளர் தன் பக்கத்தில் அந்தப் பயணத்தையே ரத்துச் செய்திருந்தால், கழிவு என்ற பேச்சே இல்லாமல் 6,000 திரும்பியிருக்கும்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார்? சிலருக்கு வேறுபாடு தெரியாது. சிலருக்கு நன்றாகவே தெரியும்: பயணி ரத்துச் செய்தால் கழிவில் அவர்களுக்கும் பங்கு வரும், தாங்கள் ரத்துச் செய்தால் ஒன்றும் மிஞ்சாது.

இன்னும் வழி இருக்கிறது. அவர் அழைத்த நேரமும் இலக்கமும் தெரியும்படி கைபேசித் திரையைப் படமெடுங்கள். பதிவு இலக்கத்துடன் தளத்துக்கு எழுதி, "அன்று இந்தப் பயணம் நடந்ததா?" என்று ஒரே கேள்வியைக் கேளுங்கள். மற்றப் பயணிகளின் பதிவுகளை வைத்து அவர்களால் அதைச் சரிபார்க்க முடியும். மீதி 3,000 ரூபாயை அந்தப் பதிலை வைத்தே கேட்க வேண்டும். மழுப்பினால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கம். பஸ்ஸைப் பற்றிய முறைப்பாட்டுக்கு தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955.

எத்தனை வீதம் கழிப்பார்கள்? — சுன்னாகம்

ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வேறு. பணம் கட்டும் முன் ரத்து விதியைத் திறந்து பாருங்கள். அங்கே நேரம் எந்த இடத்திலிருந்து கணக்கிடப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். பருத்தித்துறையில் புறப்படும் பஸ்ஸில் நீங்கள் யாழ் நகரில் ஏறலாம். ஆனால் சில தளங்களில் மணி பருத்தித்துறையிலிருந்தே ஓடுகிறது. ஒரு மணித்தியாலம் தவறினாலும் அடுத்த கழிவுப் படிக்குப் போய்விடுவீர்கள்.

கனடாவில் இருக்கும் மகன் தன் அட்டையில் எனக்குப் பதிவு செய்தான். பஸ் ஓடவில்லை. பணத்தை என் வங்கிக் கணக்கில் போடச் சொல்லலாமா? — சாவகச்சேரி

இல்லை, அம்மா. பணம் வந்த அட்டைக்கே திரும்பும். சில வேலை நாட்கள் ஆகும், நாணய மாற்றில் சிறு வேறுபாடும் வரலாம். மகன் தன் வங்கிக் கூற்றில் பார்க்கட்டும். அங்கும் வராவிட்டால், கிடைக்காத சேவைக்கான கட்டணத்தை மறுக்கும்படி அவருடைய வங்கியிடம் முறையிடலாம். அதற்குக் கால எல்லை உண்டு, தள்ளிப்போட வேண்டாம்.

என்னையும் ரத்துச் செய்யச் சொன்னார்கள், செய்தேன். என்ன வழி? — மானிப்பாய்

முதல் பதிலைப் படியுங்கள். இதே கேள்வி இன்று திரும்பத் திரும்ப வருகிறது. அழுத்தாதீர்கள். "உங்கள் பக்கத்தில் ரத்துச் செய்து குறுஞ்செய்தி அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள்.

புயல், வெள்ளம் என்றால் உரிமையாளரின் பிழை இல்லையே. அப்போது கழிவு எடுப்பது நியாயம்தான். 2025 நவம்பர் டித்வா புயலின்போது வீதிகளே மூடப்பட்டன. — திருநெல்வேலி

பாதி சரி, ஐயா. பிழை இல்லாததால் அவரிடம் நட்டஈடு கேட்பது கடினம். ஆனால் ஓடாத பஸ்ஸுக்கு வாங்கிய கட்டணத்தில் பாதியை வைத்துக்கொள்ள அது காரணம் ஆகாது. பயந்து முதல் நாளே நீங்களாக ரத்துச் செய்தால் கதை வேறு, அப்போது கழிவு உங்களுக்குத்தான். ஆகவே வெள்ளக் காலத்தில் அறிவிப்பு வரும்வரை பொறுப்பது பெரும்பாலும் இலாபம். பஸ் ஓடினால், போகாதவருக்கு ஒன்றும் திரும்பாது என்ற ஆபத்தும் அதில் இருக்கிறது.

(அதே வாசகர்) அப்படியானால் அந்த 200 ரூபாய்? தளம் தன் வேலையைச் செய்துவிட்டதே.

தளங்கள் அப்படித்தான் சொல்கின்றன. சில திருப்பிக் கொடுக்கின்றன, சில கொடுப்பதில்லை.

(கோண்டாவில் தம்பி) பயணமே இல்லை என்றால் எதற்கான சேவை? நான் அதையும் கேட்பேன்.

கேளுங்கள், நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் விதியில் "திரும்பாது" என்று முதலிலேயே எழுதியிருந்தால் வாதம் கடினமாகும். முதலில் 3,000 ரூபாயை மீட்டெடுங்கள்.

குளிரூட்டிய பஸ் என்று பணம் வாங்கி சாதாரண பஸ் அனுப்பினார்கள். ஏறிப் போய்விட்டேன். — நல்லூர்

முழுப் பணம் கேட்க முடியாது, கட்டண வித்தியாசத்தைக் கேட்கலாம். பஸ்ஸின் இலக்கத்தகடும் உள்பக்கமும் தெரியும் படங்கள் இருக்கின்றனவா?

ரயில் டிக்கெட்டுக்கும் இதே விதியா? — கொக்குவில்

இல்லை. ரயில் நிலையத்தில் கேளுங்கள்.