இபிஎஸ் ஏறியது, லாபம் ஏறவில்லை

அன்புள்ள ஐயா,
என் கம்பெனி இன்னொரு கம்பெனியை, பணம் கொடுக்காமல் புதுப் பங்குகளாகவே கொடுத்து வாங்கியிருக்கிறது. இதனால் பங்கு ஒன்றுக்கான வருமானம் கூடும் என்கிறார்கள். இரண்டு கம்பெனியின் லாபமும் கூடவில்லை, பங்குகளின் எண்ணிக்கைதான் கூடியிருக்கிறது. பிறகு எப்படி?
– வாசகர், குன்னூர்

அன்புள்ள நண்பருக்கு,

கோத்தகிரியில் நான்கு நாளாக மழை, கரண்டும் இல்லை. பச்சை இலை எடை போட்டுத் தந்த சீட்டின் பின்பக்கம்தான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

இரண்டு தேயிலைக் கம்பெனிகள் என்று வைத்துக்கொள்வோம். பெரியதற்கு வருட லாபம் 10 கோடி, பங்குகள் 1 கோடி. ஆக பங்கு ஒன்றுக்கான வருமானம், அதாவது இபிஎஸ், 10 ரூபாய். சந்தையில் பங்கு 200 ரூபாய்க்குப் போகிறது, அதாவது லாபத்தைப் போல் 20 மடங்கு. சின்னதற்கு லாபம் 5 கோடி. ஆனால் அது மெதுவாக வளர்வதால் சந்தை அதற்கு 10 மடங்குதான் தருகிறது, மொத்த மதிப்பு 50 கோடி.

பெரியது அதை 60 கோடிக்கு வாங்குகிறது. 200 ரூபாய்ப் பங்காகக் கொடுத்தால் 30 லட்சம் புதுப் பங்குகள். இப்போது லாபம் 15 கோடி, பங்குகள் 1.30 கோடி, இபிஎஸ் 11.54. ஒரு கிலோ தூள்கூட அதிகமாக விற்கவில்லை. 20 மடங்குக்கு மதிப்பிடப்பட்ட காகிதத்தைக் கொடுத்து, 12 மடங்குக்கு லாபத்தை வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இதே ஜோடியில் சின்னது பெரியதை வாங்கினால் தலைகீழ்: மலிவான காகிதத்தால் விலையுயர்ந்த லாபத்தை வாங்குவதால் அதன் இபிஎஸ் இறங்கிவிடும். தோட்டமும் ஆட்களும் லாபமும் அதேதான்.

இனிதான் உங்கள் பணத்தைத் தொடும் இடம். வாங்குவதற்கு முன் இரண்டின் மதிப்பு 200 கோடியும் 50 கோடியும். கூட்டினால் 250 கோடி. அதை 1.30 கோடிப் பங்குகளால் வகுத்தால் 192 ரூபாய் சொச்சம். இபிஎஸ் 15 சதவீதம் ஏறியும், உங்கள் 200 ரூபாய்ப் பங்கில் 8 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாகக் கரைந்திருக்கிறது. அது சின்னக் கம்பெனிக்காரர்கள் கைக்குப் போனது. சந்தை பழைய 20 மடங்கையே புது லாபத்துக்கும் தொடர்ந்தால் விலை ஏறும். மெதுவாக வளரும் கம்பெனியைக் கலந்த பிறகு அது ஏன் தொடர வேண்டும்?

இன்னொன்று. சந்தை விலையைப் போல் இரு மடங்கு, 100 கோடி கொடுத்திருந்தாலும் இபிஎஸ் 10 ரூபாயிலேயே நிற்கும், குறையாது. ஆனால் பங்கின் மதிப்பு 167 ரூபாய்க்கு வந்திருக்கும். அதனால் இபிஎஸ் ஏறியதை வைத்து, கொடுத்த விலை நியாயம் என்று சொல்ல முடியாது.

அடுத்த பொதுக்கூட்டத்தில் கேட்க ஒரு கேள்வி உண்டு. 50 கோடிக் கம்பெனிக்கு 60 கோடி கொடுத்தார்கள் அல்லவா, அந்த 10 கோடி கூடுதல் விலையை ஈடுகட்ட வேண்டும். சேர்ந்த மதிப்பு 250 கோடி, லாபம் 15 கோடி, அதாவது சுமார் 16.7 மடங்கு; இந்தக் கணக்கில் வரி போக வருடம் சுமார் 60 லட்சம் மிச்சம் வரவேண்டும். எந்த ஃபாக்டரியை மூடி, எந்தச் செலவைக் குறைத்து வரப்போகிறது என்று கேளுங்கள்.