திரும்ப எடுத்துப்போகும் நாள்

அன்புள்ள ஐயா,
வாழைநாரில் கூடை பின்னுகிறேன். கும்பகோணத்தில் ஒரு பரிசுப்பொருள் கடைக்காரரிடம், விற்றபின் பணம் என்ற ஏற்பாட்டில் வைக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் கேட்கலாம் என்றிருக்கிறேன். எப்படித் தொடங்குவது? நான் தொழில் கற்ற கதையைச் சொல்லவா? 'உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை' என்று எழுதலாமா?
வாசகி, திருவையாறு

அன்புள்ள தங்கைக்கு,

கதையெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். ஆனால் அந்த 'ஒரு பைசா செலவில்லை' என்பதை மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. அலமாரிக்கு அவர் வாடகை கொடுக்கிறார். 350 ரூபாய் கூடையில் அவருக்கு 30 சதவீதம் என்றால், ஒன்று விற்றால் 105 ரூபாய். மாதம் இரண்டு போனால் அந்த இடம் அவருக்குத் தருவது 210 ரூபாய். அங்கே ஊதுவத்தி அடுக்கினால் இதைவிடக் கூடக் கிடைக்குமா என்றுதான் அவர் மனம் கணக்குப் போடும்.

என் அப்பா கடை வைத்திருந்தார். ஒரு அம்மா, "வித்தா குடுங்கண்ணே" என்று பிரம்புத் தட்டுகளை வைத்துவிட்டுப் போனார். சீட்டு எழுதவில்லை. ஐப்பசி மழையில் தட்டுகளில் பூசணம் பூத்தது. அப்பாவுக்குத் தூக்கிப்போடவும் மனசில்லை, வைக்கவும் இடமில்லை. ஒரு வருஷம் கழித்து அந்த அம்மா வந்து இருபத்தைந்து வைத்தேன் என்றார்; அப்பா கணக்கில் இருபது. இருபத்தைந்துக்கும் காசு கொடுத்தார். அதற்குப்பின் அப்படிக் கேட்டு வந்த எல்லாரையும் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்.

கடைக்காரரின் பயம் இதுதான். பொருள் விற்காமல் போவதைவிட, விற்காத பொருள் தன் தலையில் தங்கிவிடுமோ என்பது. ஆகவே எடுத்துப்போகும் நாளை முதல் செய்தியிலேயே சொல்லுங்கள்:

"வணக்கம் சார். திருவையாற்றில் வாழைநார்க் கூடை பின்னுகிறேன். உங்கள் கடையில் கொலுப்பொம்மை பக்கத்தில் ஓலைப்பெட்டி பார்த்தேன். அதே வாடிக்கையாளருக்கு இதுவும் பிடிக்கும் என்று தோன்றியது. ஆறு கூடை வைக்கிறேன். விலை 350, விற்றால் உங்களுக்கு 105. மாதம் ஒருமுறை வந்து எண்ணி, விற்றதற்கு மட்டும் பணம் வாங்கிக்கொள்கிறேன். அறுபதாம் நாள் மிச்சத்தை நானே எடுத்துப்போவேன். பூசணம் பிடித்தால் நஷ்டம் என்னுடையது. ஒரு கூடையைக் கொண்டுவந்து காட்ட எந்த நாள் வரலாம்?"

கடைக்குள் போய்ப் பார்க்காமல் ஓலைப்பெட்டி வரியை எழுதாதீர்கள். இருப்பதைப் பார்த்து எழுதுங்கள். படம் இரண்டு போதும், ஒன்றில் கூடை உங்கள் கையில் இருக்கட்டும், அளவு தெரியும். காணாமல் போனால் யார் பொறுப்பு என்பதை நேரில் பேசி, எண்ணிக்கையோடு இரண்டு பிரதி சீட்டில் எழுதி, அவர் கையெழுத்தை வாங்குங்கள். அதற்குமுன் ஒரு கூடையைக்கூட இறக்காதீர்கள்.

முகூர்த்த நாளிலும் வெள்ளிக்கிழமை சாயங்காலமும் அனுப்ப வேண்டாம். மழைக்காலம் வருகிறது, பின்னியதும் நன்றாகக் காயவைத்த கூடைகளையே எடுத்துப்போங்கள் அம்மா.