பிள்ளை வளர்ப்பு இடைவெளியும் பிரிட்டன் அரசு ஓய்வூதியமும்

கேள்வி: பிரிட்டனில் வேலை பார்க்கிறேன். குழந்தைக்காகச் சில வருடம் வேலையை விட்டால் அரசு ஓய்வூதியம் குறையுமா? அந்த வருடங்களுக்கு ஏதாவது வரவு கிடைக்குமா?

வரவு உண்டு, ஆனால் அது சைல்ட் பெனிபிட் என்ற குழந்தை உதவித்தொகைக்கான விண்ணப்பத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. குழந்தைக்கு 12 வயது ஆகும்வரை, அந்த உதவித்தொகை யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே, ஓய்வூதியத்துக்குக் கணக்கிடப்படும் நேஷனல் இன்சூரன்ஸ் சந்தாவுக்கு ஈடான வரவு சேரும். 2016 ஏப்ரலுக்கு முன் நேஷனல் இன்சூரன்ஸ் பதிவு இல்லாதவருக்கு முழு ஓய்வூதியம் பெற, சந்தாவோ வரவோ சேர்ந்த 35 தகுதி ஆண்டுகளும், ஏதேனும் பெறுவதற்கே 10 ஆண்டுகளும் வேண்டும். 24 ஆண்டு சந்தா கட்டி, 8 ஆண்டு வீட்டிலிருந்த தாய்க்கு வரவு சேர்ந்தால் 35இல் 32 பங்கு கிடைக்கும்; சேராவிட்டால் 24 பங்குதான்.

பெரும்பாலும் இழப்பு நேர்வது, வேலையில் இருக்கும் கணவர் தன் பெயரில் விண்ணப்பித்துவிடும்போதுதான். ஏற்கெனவே சந்தா கட்டும் அவருக்கு அந்த வரவால் பயனில்லை. அதை மனைவிக்கு மாற்ற CF411A படிவம் இருக்கிறது. வருமானம் அதிகம், பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டிவரும் என்று விண்ணப்பிக்காமலே விடுவது இன்னும் வருத்தத்திற்குரியது, ஏனெனில் பணம் வேண்டாம் என்று குறித்து, வரவை மட்டும் பெற அதே விண்ணப்பம் இடம்தருகிறது.

முதியவரையோ நோயாளியையோ வாரம் 20 மணி நேரமாவது கவனிப்பவர்கள், நிபந்தனைகள் பொருந்தினால் 'கேரர்ஸ் கிரெடிட்' என்ற வரவைக் கோரலாம்.

இவையெல்லாம் அரசு ஓய்வூதியத்துக்கு மட்டுமே. சம்பளம் நின்ற காலத்தில் பணியிட ஓய்வூதிய நிதிக்கு முதலாளியின் பங்கும் நின்றுவிடும். அந்தக் குறையை எந்த வரவும் நிரப்பாது.