ஒற்றை ஜன்னல் வெளிச்சத்தில் கர்ப்பகாலப் படம்: எங்கே நிற்பது, எப்படி உட்காருவது?

கேள்வி: எனக்கு 32-வது வாரம் நடக்கிறது. படுக்கையறையில் ஒரே ஒரு ஜன்னல். அதன் முன்னால் நின்றால், என் கணவர் மொபைலில் எடுக்கும் படத்தில் முகம் இருட்டாகிவிடுகிறது. லைட்டைப் போட்டால் முகம் மஞ்சளடிக்கிறது, வயிறும் தட்டையாகத் தெரிகிறது. ரொம்ப நேரம் நிற்கவும் முடியவில்லை. வீட்டிலேயே நல்ல படம் எடுக்க என்ன செய்யலாம்?

பதில்: அந்த ஒரு ஜன்னல் போதும். இரண்டு இருந்திருந்தால் ஒன்றை மூடச் சொல்லியிருப்பேன். வயிற்றின் உருண்டையைப் படத்தில் காட்டிக்கொடுப்பது நிழல்தான். ஒரு பக்கம் வெளிச்சம் பட்டு, வளைவில் மெல்ல மங்கி, மறுபக்கம் நிழலில் போய் முடிய வேண்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் நிழல் முழுவதும் கேமரா பக்கம் வந்துவிடும். விட்டத்து லைட்டைப் போட்டால் அந்த நிழலே அழிந்துவிடும். உங்களுக்கு இந்த இரண்டுமே நடந்திருக்கின்றன.

முதலில் அறையில் எல்லா லைட்டையும் அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தின் நிறம் வேறு, பல்பின் நிறம் வேறு. இரண்டும் கலந்தால் மொபைலால் இரண்டையும் ஒருசேரச் சரிசெய்ய முடியாது. மஞ்சள் வருவது அதனால்தான். அடுத்து, ஜன்னல் வழியாக வெயில் நேராக உள்ளே விழாத நேரமாகப் பாருங்கள். கிழக்கு ஜன்னல் என்றால் பிற்பகல், மேற்கு என்றால் காலை. வேறு நேரம் வாய்க்காவிட்டால் மெல்லிய வெள்ளைத் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். வெயில் திரையில் பட்டுப் பரவி, ஜன்னல் முழுவதுமே விளக்காகிவிடும். பூப்போட்ட திரையோ நிறமுள்ள திரையோ வேண்டாம். அந்த நிறம் அப்படியே தோலில் ஏறும்.

இனி நிற்கும் இடம். ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி, ஜன்னலைப் பார்த்தபடி நில்லுங்கள். உங்கள் கணவர் உங்களுக்குப் பக்கவாட்டில் நிற்கட்டும். அதாவது நீங்கள் பார்க்கும் திசைக்கும் அவர் பார்க்கும் திசைக்கும் செங்கோணம். இப்போது வயிற்றின் முன்பகுதி பளிச்சென்று இருக்கும், முதுகுப் பக்கம் மங்கும், பின்னாலுள்ள சுவரும் கொஞ்சம் இருண்டு பின்வாங்கும். அங்கிருந்து அவர் ஓரடி ஜன்னல் பக்கம் நகர்ந்தால் நிழல் குறைந்து படம் தட்டையாகும். ஓரடி அறையின் உள்பக்கம் நகர்ந்தால் நிழல் கூடி, வயிற்றின் விளிம்பு மட்டும் கோடு போட்டதுபோல மின்னும். இரண்டு இடத்திலிருந்தும் எடுத்துப் பாருங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது. அதில் முகம் மிகவும் கறுத்துப்போனால் நிழல் விழும் பக்கமாக, படத்துக்குள் வராதபடி, ஒரு நாற்காலியில் வெள்ளைப் போர்வையை விரித்துப் போடுங்கள். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே போதும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க முகத்தைப் பார்க்க வேண்டாம், உடையைப் பாருங்கள். வயிற்றின் மேல் துணி வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் படிப்படியாக மாறினால் சரி. ஒரே சீராக இருந்தால் இன்னும் கொஞ்சம் திரும்ப வேண்டும். இதற்காகத்தான் உடையும் எளிமையாக இருக்க வேண்டும் என்கிறேன். கறுப்புத் துணி அந்த மாற்றத்தை விழுங்கிவிடும். தூய வெள்ளை, ஜன்னலருகே வெளிறிப்போகும். சாம்பல், மண் நிறம், வெளிர் நீலம் போன்ற நடுத்தர நிறத்தில், உடலோடு ஒட்டும் மெல்லிய பின்னலாடை மிக நன்றாக எடுபடும். கட்டம், கோடு, எழுத்து எதுவும் வேண்டாம். தொளதொள உடைதான் இருக்கிறது என்றால் வயிற்றுக்குக் கீழே ஒரு கையால் துணியைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள், வடிவம் வெளியே வந்துவிடும். வயிறு திறந்து தெரிய எடுப்பதானால் இறுக்கமான எலாஸ்டிக்கை ஒரு மணி நேரம் முன்பே கழற்றிவிடுங்கள். அந்தத் தடம் சட்டென்று மறையாது, பக்கவாட்டு வெளிச்சத்தில் இன்னும் ஆழமாகத் தெரியும்.

மொபைலை முகத்தின் உயரத்தில் பிடித்தால் வயிறு சிறுத்துத் தெரியும். மார்புக்கும் தொப்புளுக்கும் நடுவே பிடிக்கச் சொல்லுங்கள். அருகே வந்து எடுப்பதைவிட ஏழெட்டு அடி பின்னால் போய் 2x-இல் எடுப்பது நல்லது. பக்கத்திலிருந்து எடுத்தால் முன்னால் இருக்கும் கை பெருத்துத் தெரியும். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் போகஸும் வெளிச்ச அளவும் நிலைத்துவிடும் (ஐபோனில் AE/AF LOCK என்று வரும்). பிறகு சூரியக் குறியைக் கீழே இழுத்து, வயிற்றின் பளிச்சென்ற பக்கத்தில் துணியின் நெசவு தெரியும்வரை வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். போர்ட்ரெய்ட் மோடை நான் தவிர்க்கச் சொல்வேன். கைக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள சந்தை அது அடிக்கடி தப்பாக மங்கலாக்கிவிடும்.

அந்தச் சந்து முக்கியம். கேமரா பக்கத்துக் கை உடலோடு ஒட்டியிருந்தால் வயிறு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அந்த முழங்கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, உள்ளங்கையை வயிற்றுக்குக் கீழே வையுங்கள். மற்றக் கை வயிற்றின் மேலே இருக்கட்டும். விரல்களை அழுத்தாமல் சும்மா வைத்தால் போதும். வயிற்றைப் பெரிதாகக் காட்ட முதுகை வளைக்க வேண்டாம். இடுப்பு வலி அதிகமாகும், படத்திலும் அந்த இறுக்கம் தெரியும். ஒரு காலில் எடையைப் போட்டு, மற்ற முழங்காலை லேசாக மடித்தாலே உடல் தானாக வளைந்து கொடுக்கும். முழங்காலை விறைத்து நின்றால் தலைசுற்றல் வரலாம், அதனால் நின்று எடுப்பதை ஓரிரு நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

உங்களுக்கு உட்கார்ந்து எடுக்கும் படங்களே அதிகம் கைகொடுக்கும். கட்டிலை ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளிப் போடச் சொல்லுங்கள். நீங்கள் நகர்த்த வேண்டாம். விளிம்பில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, பாதம் இரண்டும் தரையில் ஊன்றியிருக்கட்டும். குனிந்து உட்கார்ந்தால் வயிறு மடங்கிச் சுருங்கும். முதுகுக்குப் பின்னால் இரண்டு மூன்று தலையணைகளை அடுக்கிச் சற்றே பின்னால் சாய்ந்தால் அது நீண்டு முழுதாகத் தெரியும். பார்வை வயிற்றின் மேல் இருந்தாலும், தாடையைக் கழுத்தோடு ஒட்டாமல் கொஞ்சம் முன்னால் நீட்டி வையுங்கள்.

படுத்து எடுப்பதானால் ஒருக்களித்தே படுங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் ஒரு சின்ன மடிப்புத் துணி. இந்த மாதத்தில் மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம், இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். மயக்கமும் குமட்டலும் வரலாம். மேலிருந்து எடுக்கும் படத்துக்காகக்கூட அப்படிப் படுக்க வேண்டாம். படம் எடுக்கும்போது தலை கிறுகிறுத்தால் உடனே இடது பக்கமாகச் சாய்ந்து படுங்கள், அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள். மருத்துவர் ஓய்வில் இருக்கச் சொல்லியிருந்தால் நிற்கும் படங்களை விட்டுவிட்டு, தலையணையில் சாய்ந்த நிலையில் மட்டும், அதுவும் அவரிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

தள்ளிப்போட வேண்டாம். 34 வாரத்துக்குமேல் பலருக்கும் கால் வீக்கமும் மூச்சிரைப்பும் கூடும். இந்த வாரமே வெயில் நேராக விழாத ஒரு நாளில், சாப்பிட்டுச் சற்று ஓய்வெடுத்த பிறகு, உட்கார்ந்த படத்தில் தொடங்குங்கள். நிற்கும் படத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம்.