சாலையோர ஆட்டுப் பண்ணைக்கு வேலியும் உள்தடுப்பும்

கேள்வி: தாராபுரம் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டி 5 ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. சாலையோரம் 330 அடி, உள்நீளம் 660 அடி. 30 வெள்ளாடும் 20 மேச்சேரி செம்மறியும் வாங்கி விட்டு மேய்க்கப் போகிறேன். ஆடுகள் வெளியேறிச் சாலைக்குப் போகாமல் இருக்க வேலியையும் உள்தடுப்புகளையும் எப்படி அமைப்பது?

பதில்:

வேலி எத்தனை அடி உயரம் என்பதைப் பிறகு பார்க்கலாம். ஆடு காரணமில்லாமல் வேலியைத் தாண்டுவதில்லை. பசி, தாகம், பிரித்து வைத்த குட்டியின் குரல், பருவத்துக்கு வந்த பெட்டையின் வாடை, துரத்தும் நாய் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அதைத் தள்ளும். தள்ளப்படும் ஆடு சாலைக்கு எதிர்த்திசையில் ஓடும்படி நிலத்தைப் பிரித்துவிட்டால், சாலையோர வேலியின் மீது விழும் அழுத்தம் பெருமளவு குறைந்துவிடும். ஆகவே உள்ளமைப்பை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ப வேலியைத் திட்டமிடுவதே சரியான வரிசை.

உங்கள் நிலத்தில் பட்டியைச் சாலைக்கு அருகில் அமைக்கத்தான் மனம் வரும். தீவனம் இறக்கவும் ஆடு ஏற்றவும் அதுதான் வசதி. ஆனால் மாலையானால் ஐம்பது ஆடுகளும் பட்டியை நோக்கித்தான் திரும்பும் என்பதால், அவ்வாறு அமைத்தால் நாள்தோறும் மந்தையை நீங்களே சாலையோரத்தில் கொண்டுபோய்க் குவிக்கிறீர்கள். பட்டியையும் தண்ணீர்த் தொட்டியையும் நிலத்தின் நடுவில், சாலையிலிருந்து ஏறத்தாழ 330 அடி உள்ளே வையுங்கள். அதைச் சுற்றி முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு மேய்ச்சல் அடைப்புகளைப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலாக அமையும். நான்கின் கேட்டுகளும் அந்தந்த அடைப்பில் பட்டியை ஒட்டிய மூலையில் இருக்க வேண்டும். ஓட்டப்படும் ஆடு வேலியை ஒட்டியே ஓடி மூலையில்தான் போய் நிற்கும் என்பதால், மூலையில் வைத்த கேட்டுக்குள் ஒருவரே மந்தையை ஓட்டிவிடலாம். வேலியின் நடுவில் வைத்த கேட்டை ஆடுகள் கடந்து ஓடிவிடும், பிறகு அவற்றைத் திருப்ப மூன்று பேர் வேண்டும்.

சாலையிலிருந்து பட்டிக்குப் போக, முன்புற அடைப்புகள் இரண்டுக்கும் நடுவே 12 அடி அகலத்தில், நம் ஊர் இட்டேரி போல இருபுறமும் வேலியிட்ட ஒரு தடம் விடுங்கள். அத்தடம் சாலையைத் தொடும் இடத்தில் 30 அடி நீளத்துக்கு ஒரு முன்தடுப்பு கட்டி, அதற்குச் சாலைப் பக்கம் ஒரு கேட்டும் தடத்தின் பக்கம் ஒரு கேட்டும் வையுங்கள். சரக்கு வண்டி உள்ளே வந்து நின்று, வெளிக்கேட்டைச் சாத்திய பிறகே உள்கேட்டைத் திறப்பது என்பதை வேலையாட்களுக்கு மாறாத விதியாக்கிவிட வேண்டும். இந்த இரட்டைக் கேட்டுக்காக ஆகும் செலவை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஆடுகள் சாலைக்கு வந்த சம்பவங்களை விசாரித்துப் பாருங்கள், அறுந்த கம்பியைவிடத் திறந்து கிடந்த கேட்டுதான் அதிகமாகக் காரணமாக இருக்கும்.

முன்புற அடைப்புகள் இரண்டையும் ஆள் இருக்கும் பகல் நேரத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். கிடாய்களையும், தாயிடமிருந்து பிரித்த குட்டிகளையும், ஈனும் நிலையிலுள்ள ஆடுகளையும் பின்புறத்தில் வையுங்கள். பால் மறக்கடித்த முதல் சில நாட்களில் தாய் ஆடு குட்டியின் குரல் வரும் திசையில் வேலியை முட்டிக்கொண்டே நிற்கும். அந்தக் குரல் சாலைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டும்.

இனி வெளிவேலி. 330 அடிச் சாலையோரத்துக்கும் மற்ற மூன்று பக்கங்களின் 1,650 அடிக்கும் ஒரே வேலி போட வேண்டியதில்லை. சாலையோரத்தில் 7 அடி கல்லுக்கால்களை 2 அடி ஆழத்தில், 8 அடிக்கு ஒன்றாக நட்டு, 5 அடி உயரக் கம்பிவலை கட்டுங்கள். இதற்கு 42 கால்கள் வரும். மற்ற பக்கங்களில் 6 அடிக் கால்களை 10 அடிக்கு ஒன்றாக நட்டு, 4 அடி வலை கட்டினால் போதும். இதற்கு ஏறத்தாழ 165 கால்கள். செம்மறிக்கு மூன்றரை அடியே தாராளம், வெள்ளாட்டுக்காகத்தான் இந்த 4 அடி. உள்தடுப்புகளில் சிக்கனம் பார்க்கலாம், ஏனெனில் அவற்றை ஓர் ஆடு தாண்டினாலும் அது உங்கள் நிலத்துக்குள்தான் இருக்கும்.

வலையின் கண் 3 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். 6 அங்குலச் சதுரக் கண்ணுள்ள வலையில் கொம்புள்ள வெள்ளாடு அப்பால் இருக்கும் தழைக்குத் தலையை நுழைத்துவிடும், கொம்பு தடுப்பதால் வெளியே எடுக்க முடியாமல் வெயிலில் நின்று தவிக்கும். அதே கண்ணில் சிறு குட்டி உடம்போடு நுழைந்து மறுபக்கம் போய்விடும். முள்கம்பி மட்டும் கட்டிய வேலியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது மாட்டுக்கானது. ஆடு இரண்டு இழைகளுக்கு நடுவே புகுந்துவிடும், புகும்போது மடியையும் தோலையும் கிழித்துக்கொள்ளும். நல்ல தோலுக்குப் பெயர் பெற்ற மேச்சேரி செம்மறியை வளர்ப்பவர் அதை அறவே தவிர்ப்பது நல்லது.

வேலை செய்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காத இரண்டு செய்திகள் உண்டு. வலையைக் கால்களின் உட்புறத்தில், அதாவது ஆடு இருக்கும் பக்கத்தில் கட்ட வேண்டும். வெள்ளாடு முன்னங்கால்களைத் தூக்கி வலையின் மீது வைத்துச் சாயும்போது, உட்புறம் கட்டிய வலை கல்லின் மீது அழுந்தி நிற்கும். வெளிப்புறம் கட்டியிருந்தால் முழு எடையும் கட்டுக்கம்பியின் மீது விழுந்து, சில மாதங்களில் ஒவ்வொரு கட்டாக அறுந்துவரும். வலையின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலும் நீளவாக்கில் தடித்த கம்பியை முறுக்கி இழுத்து, வலையை அதில் கோத்துவிட்டால் தொய்வு வராது. இரண்டாவது, மூலைகளிலும் 50 அடிக்கு ஒன்றாகவும் கொடுக்கும் முட்டுக்கல். அது அடைப்பின் உட்பக்கமாகச் சாய்ந்து நின்றால் வெள்ளாட்டுக்கு நீங்களே படிக்கட்டு கட்டிக் கொடுத்ததாகிவிடும். வெளிப்பக்கம் அடுத்தவர் நிலம் என்பதால் அங்கும் ஊன்ற முடியாது. ஆகவே முட்டுக்கல்லை வேலியின் வரிசையிலேயே, வலைக்குப் பின்னால் அமையுமாறு ஊன்றச் சொல்லுங்கள். இதே காரணத்தால் கற்குவியல், கரையான் புற்று, சாய்ந்த மரம், தீவனத் தொட்டி எதுவும் வேலிக்கு 6 அடிக்குள் இருக்கலாகாது.

வேலியின் அடிப்பகுதியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரங்களில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கொன்றதும், இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராடியதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாய் வேலியைத் தாண்டுவதைவிட அடியில் பறித்து நுழைவதே அதிகம். உள்ளே புகுந்த நாயைக் கண்டு மிரளும் செம்மறிகளில் ஒன்று ஒரு திசையில் ஓடினால் மற்றவை கண்ணை மூடிக்கொண்டு பின்னால் ஓடும். இருபது ஆடுகள் ஒரே இடத்தில் மோதினால் எந்த வலையும் தாங்காது. எனவே ஒன்றரை அடி அகல வலைத் துண்டை வேலியின் வெளிப்புறத்தில் தரையோடு படுக்கவைத்து, நிற்கும் வலையின் அடியோடு பிணைத்து, மேலே கற்களை வரிசையாக அடுக்குங்கள். வேலியை ஒட்டிப் பறிக்க வரும் நாயின் கால் அந்த வலையில்தான் படும். பின்வாங்கி ஒன்றரை அடி தள்ளிப் பறிக்க அதற்குத் தோன்றுவதில்லை. மழைநீர் ஓடும் பள்ளம் வேலியைக் கடக்கும் இடத்தில் வலையை நேராகக் கட்டினால் முதல் பெருமழையிலேயே குப்பை அடைத்துச் சாய்ந்துவிடும். அங்கே மேலே ஒரு கம்பி கட்டி, தண்ணீர் தள்ளினால் விலகி மீண்டும் தொங்கும் வகையில் படல் ஒன்றைத் தொங்கவிடுங்கள்.

சாலையோரத்தில் மட்டும், எல்லையிலேயே வலையைக் கட்டாமல் 12 அடி உள்தள்ளிக் கட்டி, எல்லைக்கோட்டில் கிளுவை வேலி வளர்ப்பது என் பரிந்துரை. கொறங்காடுகளைச் சுற்றித் தலைமுறைகளாக நிற்கும் முட்கிளுவைதான் அது. மழை தொடங்கும்போது போத்துகளை நெருக்கமாக ஊன்றினால் வேர் பிடிக்கும், ஆனால் ஆடு புகாத அளவுக்கு அடர்த்தியாக இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். இளந்தளிரை ஆடே கடித்துவிடும் என்பதால் உள்ளே வலை இருப்பது அதற்கும் காவல். வலையைத் தாண்டிய ஆடு உடனே தார்ச்சாலையில் நிற்காமல் இந்த 12 அடிப் பட்டையில் நிற்கும், அதைப் பிடிக்க உங்களுக்கு நேரம் கிடைக்கும். இந்தப் பட்டையில் அகத்தியோ சவுண்டலோ நட்டுவிடாதீர்கள், அந்தத் தழைக்காகவே ஆடுகள் நாள் முழுவதும் வலையைச் சாய்த்துக்கொண்டிருக்கும். ஆடு வாய்வைக்காத ஆடாதொடையும் நொச்சியும் அங்கே பொருந்தும்.

மின்வேலியை உள்தடுப்புகளுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், சாலையோரத்தில் அதை மட்டும் நம்பக் கூடாது. விட்டு விட்டு அதிர்வு தரும் சூரிய ஒளிக் கருவியைத்தான் சொல்கிறேன். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விடுவது மனித உயிரைப் பறிக்கும் குற்றம். கோடையில் தாராபுரத்து மண் ஈரமே இல்லாமல் காய்ந்துவிடும்போது, ஆட்டின் உடல் வழியாகத் தரைக்குள் மின்சாரம் சரியாகப் பாயாமல் அதிர்வு மங்கிவிடும், அதை ஆடுகள் சீக்கிரமே கண்டுகொள்ளும். கம்பிகளில் ஒன்றுவிட்டு ஒன்றை நில இணைப்போடு சேர்த்துவிட்டால், ஆடு இரண்டையும் ஒருசேரத் தொடும்போது மண் ஈரத்தை எதிர்பாராமல் அதிர்வு கிடைக்கும்.

கேட்டின் அடியில் 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். வெறும் கொண்டியை வெள்ளாடு உதட்டாலும் கொம்பாலும் தள்ளித் திறந்துவிடும், எனவே சங்கிலியும் கொக்கியும் வெளிப்புறத்தில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை வேலியைச் சுற்றி நடந்து, கம்பியில் சிக்கியிருக்கும் ஆட்டு ரோமத்தையும், வேலிக்கு அடியில் குளம்பு பட்டு வழவழப்பான தரையையும் தேடுங்கள். ரோமம் ஒரே உயரத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இருந்தால் ஏதோ ஓர் ஆடு அங்கே வழி தேடுகிறது என்று பொருள். அப்போதே கட்டிவிட்டால் ஒரு முழக் கட்டுக்கம்பியோடு வேலை முடியும்.

5 ஏக்கர் மானாவாரி மேய்ச்சல் ஐம்பது ஆடுகளுக்கு ஆண்டு முழுவதும் போதாது. மாசி முதல் ஆனி வரை பட்டியில் சோளத்தட்டோ கடலைக்கொடியோ கட்டாயம் வேண்டியிருக்கும், அதை மாலையில் கொடுத்தால் ஆடுகள் தாமாகவே நடுவுக்குத் திரும்பும். சந்தையில் வாங்கி வரும் புது ஆடுகள்தான் பழைய மந்தையைத் தேடி அதிகம் ஓடப் பார்க்கும். அவற்றைப் பத்து நாள் பட்டியிலேயே கட்டித் தீனி போட்டுப் பழக்கி, பிறகு பின்புற அடைப்பில் மேயவிட்டு, இருப்புக்கொண்ட பின்னரே முன்புறத்துக்குக் கொண்டுவாருங்கள்.