ஆறு ஏக்கர்காரருக்கு என்ன கிடைக்கும்?

அன்புள்ள ஐயா,
விவசாயக் கடன் பற்றி எல்லாக் கட்சித் தேர்தல் அறிக்கைகளையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருக்கிறார் ஆசிரியர். எப்படி எழுதினாலும் 'அந்தக் கட்சிக்காரன்' என்று சொல்லிவிடுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
– ஓர் இளம் நிருபர்

அன்புள்ள நண்பருக்கு,

வாக்குறுதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும். அதற்குப் பதிலாக ஒரு விவசாயியைக் கற்பனை செய்து, அவரை ஒவ்வொரு அறிக்கையிடமும் அனுப்புங்கள். ஆறு ஏக்கர் வைத்திருக்கிறார். கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு பயிர்க்கடன், தேசிய வங்கியில் இன்னொன்று. அவருக்கு என்ன தள்ளுபடி ஆகும்?

2016இல் அ.தி.மு.க. அரசு பதவியேற்றதும் தள்ளுபடி செய்தது சிறு, குறு விவசாயிகளின் கூட்டுறவுக் கடனைத்தான். 31.3.2016 அன்று நிலுவையில் இருந்திருக்க வேண்டும். சிறு விவசாயி என்றால் ஐந்து ஏக்கர் வரை. ஆகவே நம் ஆளுக்கு ஒன்றும் கிடையாது. ஐந்து ஏக்கர் வைத்திருந்து, மார்ச் மாதமே ஒழுங்காகக் கட்டிவிட்டவருக்கும் கிடையாது. எல்லா விவசாயிகளுக்கும் கொடுங்கள் என்று 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

இதே அளவுகோலைத் தி.மு.க.வுக்கும் வையுங்கள். கூட்டுறவு நகைக்கடன் ஐந்து பவுன் வரை தள்ளுபடி என்று 2021இல் வாக்குறுதி. ஆறு பவுன் வைத்தவருக்கு ஐந்து பவுனுக்கான கடன் மட்டும் கழியுமா, அல்லது ஒன்றுமே கிடையாதா? ஆட்சிக்கு வந்த பிறகு வந்த அரசாணையில்தான் விடை இருந்தது: 40 கிராமைத் தாண்டினால் தகுதி இல்லை. இந்தக் கேள்வியைத் தேர்தலுக்கு முன்பே கேட்பதுதான் உங்கள் வேலை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 5.2.2021 அன்று எடப்பாடி பழனிசாமி அறிவித்த 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி, ஆட்சியில் இருந்த அரசின் அறிவிப்பு. தேர்தல் வாக்குறுதி அல்ல. செய்ததையும் செய்யப்போவதையும் ஒரே கட்டத்தில் போட்டால் ஆளுங்கட்சிக்குச் சாதகமாகிவிடும். தனித்தனியாகப் போடுங்கள்.

அட்டவணையில் எத்தனை ஏக்கர், எந்த வங்கி, என்ன கடன், எந்தத் தேதி, பணம் எங்கிருந்து என்று ஐந்து கட்டம் போதும். ஒவ்வொன்றிலும் அறிக்கையின் வாசகத்தை அப்படியே, பக்க எண்ணோடு. இல்லாத இடத்தில் 'சொல்லவில்லை' என்று எழுதுங்கள். நீங்களாக ஊகித்து நிரப்பாதீர்கள். கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். பணத்துக்கு வழி என்ன என்பதை அறிக்கை பொதுவாகவாவது சுட்ட வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல், அதனால் அங்கே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அப்புறம், அச்சுக்குப் போகும் முன் எல்லாக் கட்சிக்கும் ஒரே கேள்வித்தாளை, ஒரே கெடுவோடு அனுப்பிவிடுங்கள். ஏதாவது ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் செயலாளரிடமும் அட்டவணையைக் காட்டுங்கள். மனு கொடுத்தவர் எந்த இடத்தில் திருப்பி அனுப்பப்படுவார் என்பது அவருக்குத்தான் தெரியும்.