சவூதி வேலைக்கு ஏஜென்ட் கேட்கும் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம்: எவ்வளவு வரை கொடுக்கலாம்?

வக்கீல் ஐயா, என் கணவர் எட்டாவது வரை படித்த பிளம்பர். சவூதியில் கம்பெனி வேலை, மாதம் 1,500 ரியால் என்று எங்கள் ஊர் ஏஜென்ட் ஒருவர் திருச்சி கன்சல்டன்சி ஆபீசுக்குக் கூட்டிப்போனார். சர்வீஸ் சார்ஜ் 45,000, விசா 40,000, டிக்கெட் 18,000, டாக்குமென்ட் செலவு 7,000, ரெஜிஸ்ட்ரேஷன் 5,000 என்று கணக்குச் சொன்னார்கள். நகையை அடகு வைத்து இதுவரை 60,000 கட்டிவிட்டோம். அதில் 25,000 ஊர் ஏஜென்ட்டின் நம்பருக்கு ஜிபே, 35,000 ஆபீசில் ரொக்கம். ரசீது தரவில்லை. நாலு மாதமாகிறது, விசா வரவில்லை. பணத்தைக் கேட்டால் திருப்பித் தர மாட்டோம், மீதியைக் கட்டினால்தான் பாஸ்போர்ட் என்கிறார்கள். இதெல்லாம் சட்டப்படி சரியா?
— ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

அம்மா, அவர்கள் சொன்ன ஐந்து தொகைகளில் சட்டம் அனுமதிப்பது ஒன்றைத்தான். அதுவும் அவர்கள் கேட்ட அளவுக்கு இல்லை.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதை 1983-ஆம் ஆண்டின் எமிக்ரேஷன் சட்டமும் அதன் விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. வெளியுறவு அமைச்சகத்தில் பதிவுபெற்ற ஏஜென்ட், வேலைக்குப் போகிறவரிடம் சர்வீஸ் சார்ஜாக அதிகபட்சம் 30,000 ரூபாய் வாங்கலாம். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 5,400 சேர்த்தால் 35,400. ஏஜென்ட் உங்கள் வீட்டுக்காரருக்குச் செய்யும் மொத்த வேலைக்கும் அதுதான் கூலி. படிவம் நிரப்புவது, பேப்பர் தயார் செய்வது, இன்டர்வியூவுக்கு ஏற்பாடு செய்வது எல்லாம் அதற்குள் அடக்கம். ஆகவே ரெஜிஸ்ட்ரேஷன், டாக்குமென்ட் என்று தனித்தனியாகப் பெயர் வைத்து வாங்கினாலும் எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். உங்களிடம் சொன்ன 45,000, 7,000, 5,000 மூன்றும் சேர்ந்தால் 57,000 வருகிறது. வரம்பைத் தாண்டியது அங்கேயே தெரிந்துவிட்டது.

விசா 40,000 என்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. சவூதித் தொழிலாளர் சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி, வெளிநாட்டு ஆளை எடுப்பதற்கான கட்டணம், அங்கே தங்குவதற்கான இகாமா அட்டை, வொர்க் பர்மிட், அவற்றைப் புதுப்பிக்கும் செலவு, வேலை முடிந்து ஊர் திரும்பும் டிக்கெட் எல்லாம் முதலாளியின் பொறுப்பு. ‘விசாவை விலை கொடுத்து வாங்கியிருக்கிறோம்’ என்று ஏஜென்ட் சொன்னால், முதலாளி ஏற்க வேண்டிய செலவை உங்கள் தலையில் கட்டுகிறார் என்று அர்த்தம். போகிற டிக்கெட்டை யார் எடுப்பது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும். பல கம்பெனிகள் டிக்கெட் தருகின்றன, அதையும் ஆளிடம் வசூலித்துவிடும் ஏஜென்ட்டுகள் உண்டு. அதனால் ஒப்பந்த நகலைக் கேளுங்கள்.

நீங்கள் கட்ட வேண்டியவையும் சில உண்டு. உங்கள் கணவர் பத்தாவது முடிக்காததால் அவருடைய பாஸ்போர்ட் ஈசிஆர் வகையில் வரும். அந்த வகைக்காரர் சவூதிக்கு வேலைக்குப் போக எமிக்ரேஷன் கிளியரன்ஸ் என்னும் அரசு அனுமதி வேண்டும், அதற்கு அரசுக் கட்டணம் 200 ரூபாய். கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம், இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய். மெடிக்கல் டெஸ்ட் கட்டணத்தை டெஸ்ட் எடுக்கும் சென்டரிலேயே கட்டி அவர்கள் பில்லை வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜென்ட் கை வழியாகப் போக வேண்டியதில்லை.

சரி, பணத்தை எப்படித் திரும்ப வாங்குவது? அது அந்த ஆபீசுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இன்றே emigrate.gov.in தளத்தில் பதிவுபெற்ற ஏஜென்ட்டுகள் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடுங்கள். பெயர் மட்டும் இருந்தால் போதாது. முகவரி ஒத்துப்போக வேண்டும், லைசென்ஸ் நடப்பில் இருக்க வேண்டும். காலாவதியான லைசென்ஸை கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஆபீஸ்களும் உண்டு. ஊர் ஏஜென்ட்டைத் தேடவே வேண்டாம். சப்-ஏஜென்ட் என்ற ஒருவரை இந்தச் சட்டம் ஏற்பதில்லை. தனிப்பதிவு இல்லாமல் ஆள் பிடித்துக் கொடுப்பதே குற்றம்.

லைசென்ஸ் இருந்தால், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அலுவலகமான, சென்னையில் உள்ள புரொடெக்டர் ஆஃப் எமிக்ரன்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பெரிய ஏஜென்ட்டுகள் லைசென்ஸுக்காக 50 லட்ச ரூபாய் வங்கி உத்தரவாதம் கொடுத்திருப்பார்கள். லைசென்ஸை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. அந்தப் பயத்தில் நோட்டீஸ் வந்தவுடன் பணத்தைத் திருப்பிவிடுகிறவர்கள் நிறைய.

லைசென்ஸ் இல்லையென்றால் நேராகப் போலீஸ். பதிவில்லாமல் ஆள் எடுத்து எமிக்ரேஷன் சட்டத்தின் 10-ஆம் பிரிவை மீறியது, பாரதிய நியாய சன்ஹிதா 318(4)-இன்படி ஏமாற்றியது என்று இரண்டையும் புகாரில் எழுதுங்கள். எமிக்ரேஷன் சட்டக் குற்றங்களில் போலீஸ் வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம். ‘இது பணம் கொடுக்கல் வாங்கல், சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்’ என்று ஸ்டேஷனில் சொன்னால் புகாரைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள். அங்கேயும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இந்தச் சட்டத்தில் வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி தேவை என்று யாராவது சொல்லலாம். பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் மனைவியோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை. அதாவது நீங்களே கொடுக்கலாம்.

இரண்டில் எதுவானாலும் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பணம் வாங்கிக்கொண்டு வேலையைச் செய்யாதது சேவைக் குறைபாடு. ‘பணம் திரும்பத் தரப்படாது’ என்று அவர்களே எழுதி வைத்துக்கொண்டால் அதோடு முடிந்துவிடாது. வழக்கை நீங்கள் குடியிருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே போடலாம், திருச்சிக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கோர்ட் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

உங்கள் வழக்கில் பலவீனம் ரொக்கமாகக் கொடுத்த 35,000தான். ஜிபே 25,000-க்கு வங்கி ஸ்டேட்மென்ட் பேசும், ரொக்கத்துக்குச் சாட்சி வேண்டும். அதனால் புகார் கொடுக்கும் முன்பு, சண்டை போடாமல், ஊர் ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பும்படி உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: ‘அண்ணே, ஆபீசில் நேரில் கொடுத்த 35,000, ஜிபே பண்ணின 25,000, மொத்தம் 60,000 போக மீதி எவ்வளவு?’ பெரும்பாலும் ‘இன்னும் 55,000 தம்பி’ என்று பதில் வந்துவிடும், அதுவே ஒப்புதல். போனை மாற்றாதீர்கள், செய்தியை அழிக்காதீர்கள். கோர்ட்டில் அதைக் கொடுக்கும்போது மின்னணு ஆதாரத்துக்கு வேண்டிய, பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் சேர்க்க வேண்டும், அதை உங்கள் வக்கீல் தயார் செய்வார். ‘செட்டில் ஆகிவிட்டது’ என்று எழுதிய தாளில் முழுப்பணம் கைக்கு வராமல் கையெழுத்துப் போட வேண்டாம். விசிட் விசாவில் போகலாம், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சமாதானம் பேசினாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சென்னையில் வேலை வாங்கித் தருகிறோம் என்று பணம் கேட்கும் கன்சல்டன்சிகளுக்கும் இதே 30,000 வரம்பா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. உள்நாட்டு வேலைக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று சொல்லும் மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. வேலை தேடுபவரிடம் கட்டணமே வாங்கக் கூடாது என்னும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181-ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்கவில்லை. பேசி ஒத்துக்கொண்ட கட்டணம் அதனாலேயே குற்றமாகிவிடாது. இல்லாத வேலையைக் காட்டியோ போலி ஆஃபர் லெட்டர் கொடுத்தோ வாங்கினால் மட்டும் அது ஏமாற்று.

பாஸ்போர்ட்டுக்கு வருவோம். பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து, அதை அடமானப் பொருளாகப் பிடித்து வைக்கத் தனியாருக்கு உரிமை இல்லை. ஏழு நாளில் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரும்படி முதலில் அதற்கு மட்டும் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அது கைக்கு வந்தபின் 60,000-க்கான புகாரைக் கொடுங்கள். ஏழு நாளில் வரவில்லையென்றால் அதையும் சேர்த்தே புகாரில் எழுதிவிடுங்கள்.